தாமரை போனது, படர்தல் மட்டும் மிஞ்சியது

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 38 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் இடது முன்கையில் நாணய அளவில் ஒரு வட்டம் வந்தது. ஓரம் தடித்துச் செதில் செதிலாகவும் நடுப்பகுதி தெளிவாகவும் இருந்தது. அரிப்பு அதிகம். என் அண்ணி தன் கரப்பானுக்குப் பூசும் க்ரீமைக் கொடுத்தார். மூன்றே நாளில் அரிப்பு நின்றது, பத்து நாளில் வட்டம் மறைந்தது. நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் முன்பைவிடப் பெரிதாக வந்தது. மறுபடி பூசினேன். இப்படி நான்கைந்து முறை ஆகிவிட்டது. இடையில் பூஞ்சைக்கும் மருந்து சேர்ந்த க்ரீம் என்று வேறொன்றும் வாங்கிப் பூசினேன். இப்போது வட்டமும் இல்லை, செதிலும் இல்லை. முழங்கை மடிப்பு வரை மங்கலான செம்பழுப்புத் திட்டாக இருக்கிறது. அதில் ஆங்காங்கே சிறு பருக்கள். பார்ப்பவர்கள் எல்லாரும், “படர்தாமரை என்றால் வட்டமாக இருக்கும், இது ஏதோ ஒவ்வாமை” என்கிறார்கள். பூசினால் பரவுகிறது, நிறுத்தினால் அரிப்பு தாங்க முடியவில்லை. போன வாரம் என் ஏழு வயது மகளின் கழுத்தில் சின்னதாக ஒரு வட்டத்தைப் பார்த்தேன். எனக்கு இருப்பது படர்தாமரையா, இல்லையா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியை முதலில் எழுதியிருந்தால் நான் பாதி யோசித்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வாமை தாயிடமிருந்து மகளுக்குத் தொற்றாது, கரப்பானும் தொற்றாது. பூஞ்சை தொற்றும். உங்கள் கையில் முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் உங்கள் மகளின் கழுத்தில் தன் சொந்த முகத்தோடு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் அண்ணியின் க்ரீமில் இருந்தது அநேகமாக ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்கும் மருந்து. அவள் கழுத்தில் யாரும் அதைப் பூசவில்லை, அதனால் அங்கே வட்டம் வட்டமாகவே இருக்கிறது.

நேரில் பார்க்காமல் நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கடிதத்தில் உள்ளவற்றை வைத்துப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது படர்தாமரையேதான், ஸ்டீராய்டால் உருமாறிய படர்தாமரை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் 1968இல் இதை விவரித்து ‘டீனியா இன்காக்னிட்டோ’ என்று பெயரிட்டார்கள். அடையாளம் மறைத்துத் திரியும் படர்தாமரை என்று பொருள். ஸ்டீராய்டு களிம்புகள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. மருந்து வந்தது, அதன் பின்னாலேயே இந்த நோயும் வந்தது. தமிழில் பெயர் வைக்கச் சொன்னால் நான் வேறு மாதிரி வைப்பேன். படர்தாமரை என்ற சொல்லில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று படர்வது, மற்றொன்று தாமரை இலை போன்ற வட்டம். ஸ்டீராய்டு அந்தத் தாமரையை அழித்துவிட்டுப் படர்வதை மட்டும் விட்டுவைக்கிறது.

வட்டம் ஏன் போயிற்று என்பது புரிய, அது முதலில் ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். இந்தப் பூஞ்சை தோலின் மேலடுக்கில், அதாவது ஏற்கெனவே இறந்துபோன செல்களால் ஆன மெல்லிய படலத்தில் வாழ்கிறது. அங்குள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதற்கு உணவு. நகத்திலும் முடியிலும் இருப்பதும் அதே கெரட்டின்தான். ஓர் இடத்தில் இறங்கிய பூஞ்சை எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் வெளிநோக்கி வளர்கிறது. சில நாட்களில் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் அதைக் கண்டுகொள்கிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன, தோல் தன் மேலடுக்கை வழக்கத்தைவிட வேகமாக உற்பத்தி செய்து உதிர்க்கிறது. நீங்கள் முதலில் பார்த்த சிவப்பும் தடிப்பும் செதிலும் இப்படி வந்தவைதான். செதில் என்பது பூஞ்சை அல்ல, பூஞ்சையோடு சேர்த்துத் தோல் வெளியே தள்ளும் குப்பை. நடுவில் சண்டை முடிந்து பூஞ்சை பெரும்பாலும் வெளியேறிவிட்டதால் அங்கே தோல் தெளிகிறது. ஓரத்தில் சண்டை நடந்துகொண்டே இருப்பதால் ஓரம் தடித்திருக்கிறது.

ஆகவே அந்த அழகான வட்டத்தை வரைவது பூஞ்சை மட்டும் அல்ல. பூஞ்சையும் உங்கள் உடலும் சேர்ந்து வரையும் கோடு அது. ஸ்டீராய்டு செய்வது என்னவென்றால், உங்கள் உடலின் கையை மட்டும் பிடித்துக்கொள்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, சிவப்பு மறைகிறது. வெள்ளணுக்கள் பின்வாங்குகின்றன, அரிப்பு நிற்கிறது. தோல் புதிய செல்களை உண்டாக்குவதும் மந்தமாகிவிடுவதால் செதில் உதிர்வதில்லை. மூன்று நாளில் நீங்கள் கண்ட குணம் இதுதான். பூஞ்சைக்கு ஒன்றும் ஆகவில்லை. தன்னை விரட்டியவர்கள் எல்லாரும் தூங்கிவிட்டதால் அது நிதானமாகச் சாப்பிடுகிறது. தெளிந்துபோன நடுப்பகுதிக்கும் திரும்பி வருகிறது. ஓரத்துக்கும் நடுவுக்கும் வேறுபாடு இல்லாமல் எல்லா இடமும் ஒன்றுபோல் மங்கிப்போவது இதனால்தான்.

சிலருக்கு வட்டத்துக்குள் வட்டமாக, குளத்தில் கல் எறிந்தது போல் வளையங்கள் வரும். பூசுவதும் நிறுத்துவதுமாக இருப்பவர்களின் தோலில் அதை அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் உடல் விழித்தெழுந்து ஒரு புதுக் கோடு வரைகிறது, மறுபடி பூசியதும் அந்தக் கோடு பாதியில் நின்றுவிடுகிறது. உங்கள் கையில் அந்த வளையங்கள் தெரியாவிட்டாலும் அதே கதையைத்தான் நாட்கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாளில் அடங்குவது, இரண்டு வாரத்தில் வருவது, ஒவ்வொரு முறையும் பெரிதாக வருவது. இந்த மூன்றாவதுதான் என் கண்ணில் பட்டது. கரப்பான் திரும்ப வந்தால் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வரும். பூஞ்சை ஒவ்வொரு முறையும் எல்லையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு வரும்.

இரண்டாவதாக வாங்கிய க்ரீமில் பூஞ்சைக்கான மருந்தும் இருந்ததே, அது ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கத் தோன்றும். இத்தகைய கலவைகளில் பெரும்பாலும் மூன்று சரக்குகள் இருக்கும். வலுவான ஒரு ஸ்டீராய்டு, பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று. ஒரே குழாயில் ஒருவர் திருடனைப் பிடிக்கிறார், இன்னொருவர் காவல்காரரைக் கட்டிப்போடுகிறார். அதைவிடப் பெரிய சிக்கல் நாட்கணக்கில் இருக்கிறது. க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்து தனியாகவே வேலையை முடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் தொடர்ந்து பூச வேண்டும். கூட இருக்கும் ஸ்டீராய்டோ மூன்றாம் நாளே அரிப்பை நிறுத்திவிடுகிறது. அரிப்பு நின்ற பிறகு யார் நான்கு வாரம் பூசுவார்கள்? நீங்களும் பத்து நாளில்தான் நிறுத்தியிருப்பீர்கள். அரைகுறையாக அடிபட்ட பூஞ்சை, அடக்கி வைக்கப்பட்ட தோலில் மறுபடி எழுகிறது.

அண்ணியின் க்ரீம் எது என்று நீங்கள் எழுதவில்லை. குழாயின் மேல் சின்ன எழுத்தில் மூலப்பெயர் இருக்கும், அதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் என்று ‘சோன்’ ஓசையில் முடிந்தால் அது பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். ஒரே ஒரு பெயரில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். க்ளோபெட்டசோல், க்ளோட்ரிமசோல் என்று இரண்டு இருக்கின்றன. காதுக்கு அண்ணன் தம்பி போல் கேட்கும். முதலாவது ஸ்டீராய்டுகளிலேயே மிக வலுவான வகையைச் சேர்ந்தது, இரண்டாவது பூஞ்சையைக் கொல்வது. ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முழங்கை மடிப்பில் தோல் மெலிந்து பளபளவென்றும், மெல்லிய சிவப்பு நரம்புக் கோடுகளோடும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் நீங்கள் பூசியது வலுவான வகை என்று பெயரைப் படிக்காமலே ஊகிக்கலாம். மடிப்புகளில் மருந்து தங்கி அதிகமாக உள்ளே போவதால் அந்தச் சேதம் அங்குதான் முதலில் தலைகாட்டும்.

இதில் ஏமாறுவது நோயாளிகள் மட்டும் அல்ல. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் கன்னத்தில் மங்கலான சிவப்புத் திட்டோடு ஒரு பெரியவர் வந்தார். வட்டமும் இல்லை, செதிலும் இல்லை. வெயில் பட்டால் எரிகிறது என்று வேறு சொன்னார். வெயில் ஒவ்வாமை என்று முடிவு செய்து மிதமான ஸ்டீராய்டு ஒன்றை எழுதிக் கொடுத்தேன். ஏற்கெனவே என்ன பூசினீர்கள் என்று கேட்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து அவர் காது வரை பரவிய திட்டோடு வந்து, “மருந்து நல்ல மருந்துதான் டாக்டர், பூசினால் உடனே கேட்கிறது, ஆனால் முகம்தான் நிறைந்துகொண்டே போகிறது” என்றார். என் மேலதிகாரி எதுவும் சொல்லாமல் ஒரு கத்தியையும் கண்ணாடிச் சில்லையும் என் கையில் கொடுத்தார். சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது புலம் முழுவதும் பூஞ்சை இழைகள், வைக்கோல் போரைப் பிரித்துப் போட்டது போல. அவர் எனக்கு முன்பே வேறு எங்கோ வாங்கிய க்ரீமை இரண்டு மாதம் பூசியிருக்கிறார். அன்றிலிருந்து, முன்பு என்ன பூசினீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.

உங்களுக்கும் அந்தச் சுரண்டல் சோதனைதான் முதலில் வேண்டும். மழுங்கிய கத்தியால் திட்டின் ஓரத்தை மெதுவாக வருடி, தூள் போல வருவதைக் கண்ணாடிச் சில்லில் எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு துளி விடுவார்கள். பத்து இருபது நிமிடத்தில் தோல் செல்கள் கரைந்து தெளிந்துவிடும், பூஞ்சை இழைகள் கரையாமல் கிளை பிரிந்து தெரியும். வலிக்காது, இரத்தம் வராது, அன்றே முடிவு தெரியும். ஸ்டீராய்டு பூசிய தோலில் உதிர்வதற்குச் செதில் குறைவு. ஆனால் எடுக்க முடிந்த கொஞ்சத்தில் பூஞ்சை வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும், தடுக்க ஆளில்லாமல் வளர்ந்ததல்லவா. பருக்கள் இருப்பதால் அங்குள்ள ஓரிரு முடிகளையும் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பினால் நல்லது. அதன் முடிவு வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், ஆனால் எந்தப் பூஞ்சை என்று சொல்லும்.

இரண்டு விஷயங்கள் சோதனையைக் கெடுத்துவிடும். போவதற்கு முந்தைய நாட்களில் பூஞ்சை க்ரீம் எதையாவது பூசியிருந்தால் இழைகள் தெரியாமல் போகலாம். அதனால் மருத்துவரைப் பார்க்கும் வரை கையில் எதையும் பூச வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் வேண்டாம், கண்ணாடிச் சில்லில் அது குழப்பும். அடுத்து, ஒரு முறை ‘பூஞ்சை இல்லை’ என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. உங்கள் கதைக்கு அந்த முடிவு பொருந்தவில்லை. ஸ்டீராய்டை நிறுத்தி ஒன்று இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குள் செதில் திரும்பியிருக்கும், சுரண்டுவது எளிது.

ஸ்டீராய்டை நிறுத்துவதுதான் இதில் கடினமான பகுதி, நீங்களே பலமுறை முயன்று தோற்றிருக்கிறீர்கள். கையளவில், விட்டுவிட்டுப் பூசியவர் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, இன்றே நிறுத்தலாம். முகத்திலோ உடம்பில் பெரும்பரப்பிலோ மாதக்கணக்கில் பூசியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்திய மூன்றாம் நாள் முதல் ஒரு வாரம் வரை கை மோசமாகும். சிவக்கும், தடிக்கும், அரிப்பு உயிரை எடுக்கும். இத்தனை நாள் தூங்கிய வெள்ளணுக்கள் ஒரேயடியாக எழுந்து, பெருகிக் கிடக்கும் பூஞ்சையைப் பார்க்கின்றன என்பதால் அப்படி. முன்பெல்லாம் இந்த நாட்களில்தான் நீங்கள் குழாயைத் திரும்ப எடுத்திருக்கிறீர்கள். இந்த முறை கவனித்துப் பாருங்கள், அந்த வாரத்திலேயே ஏதாவது ஒரு பக்கத்தில் பழைய தடித்த ஓரம், செதிலோடு, வில் போல் வளைந்து தலைகாட்டக்கூடும். அது தெரிந்தால் நோய் முற்றுகிறது என்று பயப்பட வேண்டாம். தாமரை திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த மருத்துவருக்கும் அந்த ஒரு படம் போதும்.

அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு எடுக்கலாம். இரவில் தூங்க முடியாவிட்டால் செட்டிரிசின் போன்ற மாத்திரை உதவும். அது பூஞ்சையைத் தொடாது, ஆனால் ஸ்டீராய்டைத் தேடி உங்கள் கை போகாமல் இருக்கும். சொறிந்த நகத்தால் வேறு இடத்தைச் சொறிந்தால் அங்கும் விதைத்துவிடுவீர்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இனி மருந்து. சாதாரணப் படர்தாமரைக்கு, சிறிய ஒற்றை வட்டத்துக்கு, பூச்சு மருந்து மட்டும் போதும். உங்களுக்குப் போதாது என்று நினைக்கிறேன், காரணம் அந்தப் பருக்கள். தடுப்பார் இல்லாத பூஞ்சை மேற்பரப்போடு நிற்காமல் முடி முளைக்கும் குழிகளுக்குள் இறங்கியிருக்கலாம். 1883இல் மஜோக்கி என்ற இத்தாலிய மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. அந்த ஆழத்துக்கு எந்தப் பூச்சும் போதுமான அளவில் போய்ச் சேராது, மாத்திரைதான் வேண்டும். பருக்கள் வேறு காரணத்தாலும் வரலாம், ஸ்டீராய்டே பரு போட வைக்கும். எது என்பதைப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் ஐந்து மாதம் ஸ்டீராய்டு கண்ட பரந்த திட்டு என்ற ஒன்றே மாத்திரையைப் பற்றி யோசிக்கப் போதுமான காரணம்.

பெரியவர்களுக்கு வழக்கமாகத் தரப்படுவது டெர்பினாஃபின் நாளொன்றுக்கு 250 மில்லிகிராம், அல்லது இட்ராகோனசோல் 100 முதல் 200 மில்லிகிராம். சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வாரம் கொடுப்போம், உருமாறியவற்றுக்கு ஆறு எட்டு வாரம் கூடப் போகும். இவற்றை அண்ணியிடமோ கடையிலோ கேட்டு வாங்கிவிட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு இட்ராகோனசோல் கூடாது. கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின் போன்ற சில மருந்துகளோடு அது சேர்ந்தால் ஆபத்து. அதன் காப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் விழுங்க வேண்டும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கூடவே போனால் அது உடலில் சேராது. நீங்கள் எடுக்கும் மற்ற மருந்துகளையும், கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா என்பதையும் மருத்துவர் கேட்காமலே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரையோடு பூச்சும் உண்டு, ஸ்டீராய்டு கலக்காத தனிப் பூஞ்சை மருந்தாக. எவ்வளவு, எங்கே என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆள்காட்டி விரலின் முனையிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் வரும் அளவு, விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். திட்டு முடிகிற இடத்தோடு நிறுத்தாமல் அதைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் பூச வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு வெளியேயும் பூஞ்சை போயிருக்கும். உங்களுக்கு எல்லையே மங்கிவிட்டதால் இன்னும் தாராளமாகவே பூசுங்கள். வெளியிலிருந்து உள்நோக்கிப் பூசினால் விதைகளை வெளியே இழுத்துச் செல்லாது. தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

சரியாகி வருகிறதா என்பதை அரிப்பை வைத்து எடைபோடாதீர்கள், உங்களை ஐந்து மாதம் ஏமாற்றியது அந்த அரிப்புதான். மருந்து தொடங்கும் நாளில் திட்டின் வெளி எல்லையைப் பேனாவால் கோடிட்டுப் படம் எடுங்கள். குளித்தால் கோடு அழியும், அழிந்தால் படத்தைப் பார்த்து மறுபடி போடுங்கள். இரண்டு வாரத்தில் கோட்டுக்கு வெளியே புதிதாக எதுவும் வந்திருக்கக் கூடாது. நான்கு வாரம் ஒழுங்காக மருந்து எடுத்தும் கோட்டைத் தாண்டினால் மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சையாக இருக்கலாம். அப்படி ஒன்றை 2020இல் தனி இனமாக அடையாளம் கண்டு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். டெர்பினாஃபினுக்கு அது பல நேரம் அசைந்துகொடுப்பதில்லை. அப்போதுதான் வளர்ப்புச் சோதனையின் முடிவு கை கொடுக்கும், மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

பூஞ்சை போன பின்னும் பழுப்பு நிறம் மாதக்கணக்கில் இருக்கும். தொட்டால் வழவழப்பாக, அரிப்பில்லாமல், கோட்டுக்குள்ளேயே நின்றால் அது வெறும் கறை, அதற்கு மருந்து பூச வேண்டாம். மெலிந்த தோல் மெல்ல ஓரளவு தேறும். முழங்கை மடிப்பில் வரிவரியாகத் தழும்பு விழுந்திருந்தால் அது மங்கும், முழுதாக மறையாது.

மகளைப் பற்றி. அவளையும் அதே நாளில் காட்டுங்கள், உங்கள் குழாய் எதையும் அவளுக்குப் பூச வேண்டாம். வட்டம் ஒன்றே ஒன்று என்றால் ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சைப் பூச்சு சில வாரங்களில் சரிசெய்துவிடும். ஆனால் கழுத்து, முடி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பகலில் அவள் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, எங்காவது செதில் உதிர்கிறதா, முடி அடியோடு ஒடிந்து திட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பூச்சு உதவாது, தலைக்குப் போன பூஞ்சைக்குக் குழந்தையின் எடைக்கேற்ற மாத்திரை வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் இடுப்பு, தொடை இடுக்கு, கால்விரல் இடுக்குகளைப் பார்த்துவிடுங்கள். யாருக்காவது இருந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் மருத்துவம் பார்க்காவிட்டால் பந்து கைமாறுவது போல் மாறிக்கொண்டே இருக்கும். துண்டும் படுக்கை விரிப்பும் தனித்தனியாக இருக்கட்டும். துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து நன்றாகக் காயவைத்தால் போதும், வீட்டையே கழுவி விட வேண்டியதில்லை.

கை வீங்கி வலித்தாலோ, பருக்களிலிருந்து சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.

அண்ணியின் கரப்பானையும் ஒரு முறை யாராவது சுரண்டிப் பார்த்தால் நல்லது. அது கரப்பானாகவே இருக்கலாம். அவருடைய க்ரீமும், “பூசினால் உடனே கேட்கிறது” என்ற அவருடைய நம்பிக்கையும்தான் என்னைச் சந்தேகப்பட வைக்கின்றன. மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய குழாய்கள் அத்தனையையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயரை நினைவிலிருந்து சொல்ல வேண்டாம், க்ளோபெட்டசோலா க்ளோட்ரிமசோலா என்பதை அவரே படித்துக்கொள்ளட்டும்.